பெயர் மூன்றாவது வரியில் வரட்டும்

மாநாட்டு அரங்குகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தொடக்கம் ஒன்று உண்டு. “அனைவருக்கும் வணக்கம். என் பெயர் இன்னது. இன்ன நிறுவனத்தில் இன்ன பொறுப்பில் இருக்கிறேன். இந்த வாய்ப்பைத் தந்தவர்களுக்கு நன்றி. இன்று நான் பேசப்போகும் தலைப்பு…” இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் புதிதாகவும் எதுவும் இல்லை. பெயரையும் பதவியையும் அமர்வுத் தலைவர் அரை நிமிடத்துக்கு முன்புதான் வாசித்தார். அவை பின்னால் திரையில் பெரிய எழுத்தில் இருக்கின்றன, எல்லோர் கையிலும் உள்ள நிகழ்ச்சி நிரலிலும் இருக்கின்றன. தலைப்பும் அப்படித்தான். நான்காம் முறையாக அதையே கேட்கும் 500 பேரில் பாதிப் பேர் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

2010-இல் பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர், கலிஃபோர்னியாவில் நடந்த டெட் மாநாட்டில் அந்த ஆண்டின் பரிசைப் பெற்றுக்கொண்டு பேசிய உரை இணையத்தில் கிடைக்கிறது. முதல் ஒரு நிமிடத்தைப் பாருங்கள், போதும். தான் பேசி முடிக்கும் 18 நிமிடத்துக்குள், இப்போது உயிரோடு இருக்கும் நான்கு அமெரிக்கர்கள் தாங்கள் உண்ணும் உணவாலேயே இறந்திருப்பார்கள் என்று வருத்தத்தோடு தொடங்குகிறார். அதன் பிறகுதான் பெயர், வயது 34, ஊர் எஸ்ஸெக்ஸ், ஏழு வருட உழைப்பு என்று வரிசையாகச் சொல்கிறார். அதோடு, தான் மருத்துவர் அல்ல, சமையல்காரர் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறார்.

இந்த வரிசையில்தான் சூட்சுமம். நான்கு சாவு என்று கேட்டதும், “இதைச் சொல்ல இவர் யார்?” என்ற கேள்வி அரங்கத்துக்குத் தானாகவே எழுகிறது. கேள்வி எழுந்த பிறகு வரும் பெயர் பதிலாகிவிடுகிறது. யாரும் கேட்காதபோது சொன்ன பெயர் காதில் விழாது, கேட்கும்போது சொன்னது மனதில் தங்கும். மருத்துவர் அல்ல என்று அவரே சொல்லிக்கொண்டதும் தன்னடக்கத்துக்காக மட்டுமல்ல. கேட்பவர் மனதில் ஓடும் ஆட்சேபணையை அவரே முந்திக்கொண்டு எடுத்துவைத்துவிட்டார்.

எண்ணை முதல் வரியில் வைப்பவருக்கு ஒரு கடமை உண்டு. தொழில்முறை மாநாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மனக்கணக்குப் போடுகிறவர்கள். 18 நிமிடத்துக்கு நான்கு பேர் என்றால் நாளுக்கு 320 பேர், வருடத்துக்குச் சுமார் 1,17,000 பேர். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்து ஆய்வாளர்கள் 2005-இல், உடல் பருமனோடு தொடர்புள்ள கூடுதல் மரணங்கள் ஆண்டுக்குச் சுமார் 1,12,000 என்று கணக்கிட்டிருந்தார்கள். எனவே ஆலிவரின் எண் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மையத்திலிருந்து, உணவுப் பழக்கத்தையும் உடலுழைப்புக் குறைவையும் காரணமாக வைத்து, சுமார் நான்கு லட்சம் என்ற மதிப்பீடு வந்திருந்தது. அந்தப் பெரிய எண்ணை எடுத்திருந்தால் அதிர்ச்சி கூடியிருக்கும். முன்வரிசையில் ஒரு புள்ளியியல்காரர் இருந்தால் மானமும் போயிருக்கும். உங்கள் முதல் வரியில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது எழுந்து கேட்டால், ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாதென்றால் அந்த எண் வேண்டாம்.

எண்ணே இல்லாமலும் செய்யலாம். மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லர் 2008-இல் டெட் மாநாட்டில், மனச்சிதைவு நோய் உள்ள தன் சகோதரனால்தான் மூளையைப் படிக்க வந்ததாகத் தொடங்கினார். ஒரே வாக்கியத்தில் அவருடைய தொழிலும் வந்துவிட்டது, அதற்கான காரணமும் வந்துவிட்டது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் தோழி ஒருவர், 600 பேர் கூடும் மாநாட்டில் தொற்றுத் தடுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டு வந்த தொடக்கத்தில் பெயர், பதவி, 16 வருட அனுபவம், பிறகு “கை கழுவுதலின் முக்கியத்துவம்”. அந்த அரங்கில் கை கழுவுவது முக்கியம் என்று தெரியாதவர் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

“கை கழுவறதுல உனக்கு எது கஷ்டம்?” என்று கேட்டேன்.

“நேரம்தான் அக்கா. சோப்பு போட்டுச் சரியா கழுவ 40லேர்ந்து 60 செகண்ட் ஆகும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஒரு ஷிப்டுல 60 தடவை கழுவணும்னா நான் எப்போ ஊசி போடறது?”

தொடக்கம் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம், 60 தடவை, ஆக ஒரு மணி நேரம். அவருடைய வார்த்தைகளிலேயே திருப்பி எழுதினோம்: “இப்போது என் வார்டில் டூட்டியில் இருக்கும் செவிலியர், விதிப்படி கை கழுவினால் இந்த ஷிப்டில் ஒரு மணி நேரம் குழாயடியிலேயே நிற்பார். அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. என் பெயர் இன்னது. நான் 16 வருடமாக அந்தக் குழாயடியில் நிற்கிறவள்.” பதவியைச் சொல்லவே இல்லை. கடைசி வாக்கியம் அதையும் அனுபவத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

“பேரைச் சொல்லாம ஆரம்பிச்சா மரியாதை இல்லைன்னு நினைக்க மாட்டாங்களா அக்கா?” என்றார். நியாயமான பயம்தான். நம் மேடைகளில் விளிப்பு இல்லாமல் தொடங்கினால் திமிர் என்பார்கள். “தலைவருக்கும் அவையினருக்கும் வணக்கம்” என்று சொல்லி, இரண்டு மூச்சு நிறுத்தச் சொன்னேன். மேடையில் இருக்கும் ஏழு பேரையும் பட்டம் பதவியோடு அழைக்கத் தேவையில்லை. அந்த நிறுத்தத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பெரிய அரங்கில் முதல் சில விநாடிகள் நாற்காலிச் சத்தத்திலும் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதிலும் போய்விடும். அப்போது சொன்னது பின்வரிசைக்குப் போய்ச் சேராது. எண் இருக்கும் வாக்கியத்தை அங்கே வீணாக்கக் கூடாது.

“உங்களில் எத்தனை பேர் காலையிலிருந்து கை கழுவினீர்கள்?” என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். வகுப்பறையில் 30 பேரிடம் அது எடுபடும். மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது 600 பேரில் யார் கை தூக்கினார்கள் என்று பேசுபவருக்கே தெரியாது. நாலைந்து கைகள் தயங்கி எழுந்து தாழ்ந்த பிறகு வரும் அமைதியைச் சமாளிப்பது கடினம்.

பலரும் கோட்டை விடும் இடம் அறிமுகக் குறிப்பு. அமைப்பாளர்கள் கேட்கும் அந்த ஐந்து வரிக் குறிப்பைத்தான் அமர்வுத் தலைவர் வாசிப்பார். பட்டங்கள், விருதுகள், பதவி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுங்கள். நீங்கள் வாயைத் திறந்து சொல்லப்போவதை மட்டும் போடாதீர்கள். ஒருமுறை நான் ஆசை ஆசையாக வைத்திருந்த முதல் வரியைக் குறிப்பிலும் எழுதித் தொலைத்தேன். தலைவர் அதை என்னைவிட அழகாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அரங்கமே சிரித்தது. அடுத்து எழுந்துபோய் மைக் முன் நின்ற என்னிடம் “வணக்கம்” தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

தோழி அந்தத் தவறைச் செய்யவில்லை. பேசி முடித்ததும் அவரிடம் வந்த முதல் கேள்வி, அந்த வார்டில் எத்தனை குழாய்கள் என்பது. 30 கட்டிலுக்கு இரண்டு, அதில் ஒன்றில் தண்ணீர் வராது என்றார்.