783 ரூபாய்க்குள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை

நாள் கூலிக்கு வேலை செய்பவரிடம் "மாதம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். சிலர் கூலியை முப்பதால் பெருக்கிச் சொல்வார்கள். சிலர் "லீவு போக எவ்வளவு வருதோ அவ்வளவுதான்" என்று முடித்துக்கொள்வார்கள். குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டுமே உதவாது. வார ஓய்வு நாளுக்கான பணம் கூலியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கு பிடிபடும். ஆயிரக்கணக்கான ரூபாய் காணாமல் போவதும் அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் உள்ள ரயில் நிலையம் ஒன்றில் ஒப்பந்ததாரர் மூலம் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால், அவருக்கு மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். 2024 அக்டோபர் 1 முதல் கட்டுமானம், துப்புரவு, சுமை ஏற்றி இறக்குதல் போன்ற வேலைகளில் திறன் தேவைப்படாத பிரிவினருக்கு, சென்னை உள்ளிட்ட 'ஏ' பகுதிகளில் நாளொன்றுக்கு 783 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பிலேயே மாதத்துக்கு 20,358 ரூபாய் என்ற தொகையும் இருந்தது. 783-ஐ 26-ஆல் பெருக்கினால் சரியாக இந்தத் தொகை வரும்.

முப்பது நாள் மாதத்துக்கு ஏன் 26? ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதால், வேலை நாட்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆண்டில் 52 ஞாயிறுகளைக் கழித்தால் 313 நாட்கள் மிஞ்சும். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 26 நாட்களும் கொஞ்சமும் வரும். அந்தப் பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும், வாடகையும் முப்பது நாளுக்கும் உண்டு. ஆகவே ஒரு மாதம் வாழத் தேவையான தொகை 26 வேலை நாட்களின் கூலிக்குள் அடங்கிவிட வேண்டும். 20,358-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாள் வாழ்வுக்கு 678 ரூபாய் 60 காசு. அவருக்குக் கிடைப்பதோ ஒரு வேலை நாளுக்கு 783. ஒவ்வொரு வேலை நாளிலும் கூடுதலாக வரும் 104 ரூபாய் 40 காசு, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்காக முன்கூட்டியே கொடுக்கப்படுவது. 26 நாளும் அப்படிச் சேரும் 2,714 ரூபாய் 40 காசு, நான்கு ஓய்வு நாட்களின் செலவுக்குச் சரியாக இருக்கும்.

இது என் விளக்கம் மட்டுமல்ல. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்காக 1950-இல் வந்த மத்திய விதிகளில் 23-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. வார ஓய்வு நாளுக்குக் கூலி உண்டு என்பது அதன் அடிப்படை. ஆனால், மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து நாள் கூலி நிர்ணயித்திருந்தால், ஓய்வு நாளுக்குத் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை. அதாவது ஒன்று, ஞாயிறு கூலிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிறுக்குத் தனியாகப் பணம் வர வேண்டும். இரண்டும் இல்லாமல் போகக் கூடாது.

ஒப்பந்ததாரர்களில் பலர் செய்வது அந்த மூன்றாவது வேலைதான். மாத ஊதியத் தொகையை எடுத்துக்கொண்டு முப்பதால் வகுக்கிறார்கள். நாள் கூலி 678 ரூபாய் 60 காசு ஆகிவிடுகிறது. "மாதத்துக்கு இருபதாயிரம் கணக்குதான்மா, முப்பது நாளுக்குப் பிரிச்சிருக்கு" என்று சொன்னால் கேட்பவருக்கும் நியாயமாகவே படும். ஆனால் சம்பளம் போடும்போது வேலைக்கு வந்த 26 நாட்களை மட்டும் எண்ணுவார்கள். கையில் வருவது 17,643 ரூபாய் 60 காசு. முப்பதால் வகுக்கும்போது ஞாயிறு கணக்கில் இருந்தது. பெருக்கும்போது ஞாயிறைக் காணோம். மாதம் 2,714 ரூபாய் போய்விட்டது. ஓராண்டில் இது முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும். கூலியே இல்லாமல் ஒன்றரை மாதத்துக்கு மேல் உழைப்பதற்குச் சமம் இது. துணிந்து கூலியைக் குறைப்பவரைவிட இப்படி வகுத்தலில் குறைப்பவரை நான் மோசமாக நினைக்கிறேன். ஏனென்றால் ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்தது கடைசிவரை தெரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சம்பளச் சீட்டில் உள்ள மொத்தத் தொகையை, சம்பளம் போட்ட நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சீட்டில் 26 நாள் என்று இருந்தால் விடை 783-க்குக் குறையக் கூடாது. ஞாயிறுகளையும் சேர்த்து 30 நாள் என்று இருந்தால் 678 ரூபாய் 60 காசு வந்தாலும் சரிதான். 26 நாள் என்று போட்டுவிட்டு 678 வந்தால் அது திருட்டு. பிடித்தம் செய்வதற்கு முன் இருக்கும் தொகையைத்தான் வகுக்க வேண்டும் என்பதும் முக்கியம். 20,358 ரூபாயில் 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தால் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் பங்கான 0.75 சதவீதம் 153 ரூபாய். கைக்கு வருவது 18,405. இதில் தவறில்லை. ஆனால் முதலாளி செலுத்த வேண்டிய பங்கையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். பிடித்தம் திடீரென இரண்டு மடங்காகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மாதத்துக்கு மாதம் தொகை மாறுவதைப் பார்த்துச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். 2025 ஜனவரியில் நான்கு ஞாயிறுகள், வேலை நாள் 27; அந்த மாதம் 21,141 ரூபாய். பிப்ரவரியில் 24 நாள்தான், ஆக 18,792. மார்ச்சில் ஐந்து ஞாயிறுகள் வந்தும் 26 நாள், 20,358. பிப்ரவரித் தொகை அறிவிக்கப்பட்ட மாத ஊதியத்தைவிட 1,566 ரூபாய் குறைவு. ஆனாலும் நாள் கூலிக்காரருக்கு இதைச் சட்ட மீறல் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வேலை நாளுக்கும் 783 வந்திருக்கிறது. இதே விகிதத்தில் ஓராண்டின் 313 நாட்களுக்குக் கணக்குப் போட்டால் 2,45,079 ரூபாய் வரும். மாத ஊதியத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,44,296. ஆண்டுக் கணக்கில் நேராகிவிடும். ஆனால் பிப்ரவரிக்கு வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தும் அந்த மாதம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நிரந்தரமான வேலையில் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்பவர்களை நாள் கூலியிலேயே வைத்திருப்பது இதனால்தான் நியாயமில்லை என்று தோன்றுகிறது. ஒருவருக்கு மாத ஊதியம் என்று பேசியிருந்தால் நிலைமை வேறு. அவருக்குப் பிப்ரவரியிலும் முழுத் தொகையும் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டால்? அதே 1950 விதிகளின்படி ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும், அன்றைய வேலைக்கு ஓவர்டைம் விகிதத்தில் கூலியும் தர வேண்டும். விவசாயம் தவிர்த்த வேலைகளில் அது இரண்டு மடங்கு. அதாவது 783 அல்ல, 1,566. முப்பது நாளும் வேலை செய்து 23,490 ரூபாய் வாங்கியவர் தனக்கு நிறையக் கிடைத்ததாக நினைக்கலாம். நான்கு ஞாயிறுகளுக்கு 3,132 ரூபாய் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இதே போல ஏமாற்றுவது பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் 783-ஐவிட அதிகமாகத்தான் தெரியும். நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாளில் வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் செய்வதெல்லாம் இரட்டைக் கூலிக் கணக்கு. நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதலாகச் செய்தால், இரட்டைக் கூலியில் அது எட்டு மணி நேரக் கூலிக்குச் சமம். ஆகவே பன்னிரண்டு மணி நேர நாளுக்கு இரண்டு நாள் கூலியான 1,566 ரூபாய் வர வேண்டும். செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி கமிஷன் என்ற பழைய வழக்கமும் இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டுமான வேலை செய்தவர்களுக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆளைக் கூட்டி வந்த ஜமாதார் அதில் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ள, அவர்கள் கைக்கு 8 ரூபாய் 25 காசுதான் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கூலி முழுதாகத் தொழிலாளியிடமே சேர வேண்டும் என்றதோடு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளச் சீட்டில் 783 இருந்து கையில் 700 வந்தாலும் அது குறைந்தபட்ச ஊதியம் கிடைத்ததாகாது.

கடைகள், ஓட்டல்கள், தறிக்கூடங்கள் போன்ற இடங்களுக்கு மாநில அரசின் அறிவிக்கை பொருந்தும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அறிவிக்கை. அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் தனித்தனியே இருக்கும். அகவிலைப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று திருத்தப்படும். இரண்டையும் கூட்டினால்தான் குறைந்தபட்ச ஊதியம் தெரியும். அடிப்படை ஊதியத்தோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. மாத ஊதியத்தை நாள் கூலியாக்க 26-ஆல் வகுக்க வேண்டும் என்று அறிவிக்கையின் கடைசியில் உள்ள குறிப்புகளில் அச்சிட்டிருப்பார்கள். முப்பதால் வகுப்பவரிடம் காட்ட வேண்டியது அந்த வரியைத்தான்.

2025 நவம்பர் 21 முதல், 1948 சட்டத்தின் இடத்தில் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, அதற்கு ஊதியம் என்பது அதிலும் இருக்கிறது. இதற்காக 2020-இல் வெளியான மத்திய வரைவு விதிகளும் நாள் கூலியை மாத ஊதியமாக்க 26-ஆல் பெருக்கச் சொன்னவைதான். முன்பு கூலி குறைந்தால் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம். குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் வழங்க உத்தரவிட முடியும். ஒப்பந்ததாரர் கொடுக்காமல் போனால், வேலை யாருக்காக நடந்ததோ அந்த நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

மனுவில் கேட்கப்படுவது நாட்களும் தொகையும்தான். வருகைப் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இருக்கும். ஆகவே வேலைக்குப் போன நாட்களை, ஞாயிறு வேலையையும் கூடுதல் மணி நேரத்தையும் சேர்த்து, வீட்டுக் காலண்டரில் அன்றன்றே குறித்து வைக்கலாம். வங்கிப் பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய வரியும், செல்பேசியில் படமெடுத்த சம்பளச் சீட்டும் அதோடு சேர்ந்தால், குறைந்த தொகையை மாதவாரியாக எழுதிக் காட்ட அவை போதும்.