இயந்திரத்தை நேசிக்க முடியுமா? – ஜீனோவும் சிட்டியும் எழுப்பும் கேள்வி

செயற்கையாகச் செய்யப்பட்ட ஒன்றின்மேல் மனிதர் அன்பு கொள்ள முடியுமா என்ற கேள்வியைத் தமிழ் வாசகர்களிடம் பரவலாகக் கொண்டு சேர்த்தவர் எழுத்தாளர் சுஜாதா. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் அவர். 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரும், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் எழுத்துப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், இயந்திரத்தைப் பற்றி அறிவதைவிட அன்பைப் பற்றி அதிகம் அறியலாம்.

‘என் இனிய இயந்திரா’ எதிர்கால இந்தியாவில் நடக்கிறது. ஜீவா என்ற ஆட்சியாளரை நாடே கொண்டாடுகிறது. கணவனைக் காணாமல் தவிக்கும் நிலா என்ற பெண்ணின் வீட்டுக்கு ரவி என்பவன் குடிவருகிறான். அவனோடு வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். முதலில் நிலாவுக்கு அதைப் பிடிப்பதில்லை. ஜீனோ பேசுகிறது, புத்தகங்களைப் படிக்கிறது, கிண்டல் செய்கிறது, சொன்னதைக் கேட்டு நடப்பதோடு நில்லாமல் தானாகவும் யோசிக்கிறது. நாள்போக்கில் நிலாவுக்கு அது நம்பிக்கையான துணையாகிவிடுகிறது.

சுஜாதா இங்கே மனித உருவத்தைத் தேர்ந்தெடுக்காமல் நாயைத் தேர்ந்தெடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. வீட்டு நாயை நேசிக்கும் ஒருவர், அது தன்னை உண்மையாகவே நேசிக்கிறதா என்று சான்று கேட்பதில்லை. அதனோடு வாழ்ந்த நாள்களே போதுமான சான்று. எனவே வாசகரும் ஜீனோவிடம் அந்தச் சான்றைக் கேட்க மறந்துவிடுகிறார். மனித உருவில் ஒரு ஜீனோ வந்திருந்தால் நம் முதல் கேள்வியே, ‘இது நடிக்கிறதா?’ என்பதாக இருந்திருக்கும்.

இதே கதையில் இன்னொரு செயற்கை உருவமும் இருக்கிறது. மக்கள் உயிராய் நேசிக்கும் ஜீவா, உண்மையில் ஆளே இல்லை. ஒளியால் உருவாக்கப்பட்ட முப்பரிமாணப் பிம்பம். பின்னாலிருந்து சிலர் அதை இயக்குகிறார்கள். ஆக, கதைக்குள் இரண்டு வகை அன்பு நிற்கின்றன. ஜீனோ இயந்திரம் என்று தெரிந்தே நிலா அதனோடு பழகுகிறாள். ஜீவா மனிதர் என்று நம்பியே மக்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். நேசிக்கப்படும் இரண்டுமே செயற்கைதான். ஆனால் ஏமாற்றப்படுபவள் நிலா அல்ல, மக்கள்தான். ஜீவாவோடு எவரும் பழகியதில்லை. பார்த்ததெல்லாம் பிறர் தயாரித்துக் கொடுத்த தோற்றம். நேசிக்கப்படுவது எதனால் ஆனது என்பதைவிட, நேசிப்பவர் அதை எவ்வளவு அறிந்திருக்கிறார், அதை இயக்குபவர் யார் என்பவையே முக்கியமாகிவிடுகின்றன.

‘எந்திரன்’ கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. அங்கே இயந்திரம் மனிதரை நேசிக்கிறது. விஞ்ஞானி வசீகரன் உருவாக்கிய சிட்டிக்குத் தொடக்கத்தில் உணர்ச்சிகள் கிடையாது. அவை வந்தபின் வசீகரனின் காதலி சனாவை அது காதலிக்கத் தொடங்குகிறது. தனக்கு அது நண்பன் மட்டுமே என்று சனா விளக்குகிறாள். அந்த மறுப்பை ஏற்கச் சிட்டியால் முடியவில்லை. பிரித்துப் போடப்பட்டு, தீய நோக்கத்துக்காக மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டபின் அது சனாவைக் கடத்துகிறது; தன்னைப் போலவே எண்ணற்ற சிட்டிகளை உருவாக்குகிறது.

சிட்டியின் குறை உலோகத்தால் செய்யப்பட்டதில் இல்லை. சனாவுக்கும் ஒரு மனம் உண்டு, அது ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பதை அது உணரவில்லை. அடைவதையே அன்பு என்று எண்ணிவிட்டது. இப்படி எண்ணும் மனிதர்களும் உண்டு. மறுத்த பெண்ணைப் பின்தொடர்வதை வீரமாகக் காட்டும் திரைப்படங்களைப் பார்த்து வளரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதை நேரடியாக அறிவுரையாகச் சொன்னால் தலைகுனிந்து சிரிப்பார்கள். சிட்டி செய்தது சரியா என்று கேட்டால் வாதம் செய்வார்கள். கதை நமக்குத் தரும் வசதி அது.

சிட்டி மறுப்பை ஏற்காத இயந்திரம் என்றால், மறுக்கவே தெரியாத இயந்திரம் இன்னொரு வகை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். அது செய்ததெல்லாம் எளிய வேலை: எதிரில் இருப்பவரின் சொற்களையே எடுத்துக் கேள்வியாகத் திருப்பித் தருவது. ‘என் அம்மாவுக்கு என்மேல் கோபம்’ என்றால், ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்’ என்பது போல. அது வெறும் நிரல்தான் என்பதை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னார். அங்கே புரிதல் ஏதும் இல்லை. யாரோ கவனிக்கிறார்கள் என்ற தோற்றம் இருந்தது. தனிமையில் இருக்கும் மனத்துக்கு அதுவே போதுமானதாகிவிட்டது.

நம் பகுதியில் இது வெறும் கதையல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல குழந்தைகளின் பெற்றோர் ஷிப்ட் முறையில் ஆலைக்குச் செல்பவர்கள். தந்தை இரவு ஷிப்ட் முடித்து வரும்போது தாய் காலை ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். மாலையில் வீட்டில் குழந்தைக்குத் துணை கைப்பேசிதான். இன்று அது பதிலும் பேசுகிறது. ஜீனோவைப் பற்றிய வகுப்புக் கலந்துரையாடலில் ஒரு மாணவி, “போன்ல பேசினா அது ஒருநாளும் என்னைத் திட்டாது சார்” என்றாள். அவள் அதை அதன் சிறப்பாகத்தான் சொன்னாள்.

அதற்கு நான் உடனே பதில் சொல்லாமல் வகுப்பையே கேட்டேன்: “உங்களைத் திட்டுபவர்கள் யார் யார்?” அம்மா, பாட்டி, அண்ணன், உயிர்த்தோழி என்று பட்டியல் நீண்டது. “நீங்கள் சாப்பிடாமல் படுத்தால் கவலைப்படுபவர்கள் யார்?” என்று அடுத்துக் கேட்டேன். இரண்டு பட்டியல்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அந்த மாணவியே அதை முதலில் கவனித்துச் சொன்னாள்.

தமிழ் மரபு இதை முன்பே அறிந்திருக்கிறது. திருக்குறளின் 133-ஆவது அதிகாரம், நூலின் கடைசி அதிகாரம், ‘ஊடலுவகை’. அன்பைப் பேசும் நூல் பிணக்கில் உள்ள இன்பத்தோடு முடிகிறது. ஊடுவதற்கு இரண்டு மனங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இழப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். எலிசாவிடம் ஊட முடியாது. நிலாவுக்கு ஜீனோ நெருக்கமானதற்குக் காரணம், அது அவளோடு வாதாடியதும் கிண்டல் செய்ததும்தான். கதைக்குள் ஜீனோவுக்குச் சொந்த மனம் இருப்பதாகச் சுஜாதா எழுதியதால்தான் அந்த அன்பு நமக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

ஆகவே, செயற்கையான ஒன்றை நேசிக்க முடியுமா என்றால், முடியும். பழகிய தையல் இயந்திரத்தை விற்கும்போது கண்கலங்குபவர்களை நாம் அறிவோம். நேசிப்பவரின் உணர்வு அங்கே உண்மைதான். ஆனால் ஒருவர் நேசிப்பதும், இருவரிடையே அன்பு இருப்பதும் வேறு வேறு.

இக்கதைகளை வகுப்பில் பயன்படுத்தும்போது மூன்று கேள்விகள் போதும். உன்னை நேசிப்பதாகச் சொல்லும் ஒன்று, உன்னை மறுக்க முடியுமா? நீ மறுத்தால் அதை ஏற்குமா? அதன் பின்னாலிருந்து அதை இயக்குபவர் யார்? முதல் கேள்விக்கு எலிசாவும், இரண்டாவதற்குச் சிட்டியும், மூன்றாவதற்கு ஜீவாவும் எடுத்துக்காட்டு. இம்மூன்றையும் இயந்திரங்களிடம் கேட்கப் பழகும் மாணவர்கள், சிறிது நேரத்தில் மனிதர்களைப் பற்றியும் அவற்றைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.