இடம் மாறிய ஹைட்ரஜன்

1953 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன் டிஎன்ஏவின் காரங்களைச் சோடி சேர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்.

நியூக்ளியோடைடின் சர்க்கரை, முதல் கார்பனால் காரத்தின் நைட்ரஜனைப் பிடித்திருக்கும். ஐந்தாம் கார்பனில் உள்ள பாஸ்பேட், அடுத்த சர்க்கரையின் மூன்றாம் கார்பனோடும் எஸ்டராக இணைந்து இழையை நீட்டும். இதில் குழப்பமில்லை. சிக்கல் காரங்களில்தான்.

பாடநூல்களை நம்பிய வாட்சன், குவானைனிலும் தைமினிலும் ஹைட்ராக்சில் தொகுதியை வரைந்திருந்தார். அங்கே இருப்பது கார்பனைல் என்று திருத்தினார், அதே அறையில் பணியாற்றிய வேதியியலர் ஜெர்ரி டொனஹியூ. இந்த வேறுபாடு சிறியதல்ல: ஹைட்ராக்சில் ஹைட்ரஜனைத் தரும், கார்பனைலோ ஏற்க மட்டுமே செய்யும்.

திருத்தியதும் அடினைனின் அமினோ தொகுதி தைமினின் கார்பனைலுக்கு நேரெதிரே வந்தது. பக்கத்திலேயே வளைய நைட்ரஜன்களுக்கிடையே இன்னொரு பிணைப்பு. குவானைன், சைட்டோசினுக்கும் முதலில் இரண்டையே வரைந்தார்கள். மூன்றாவது பிணைப்பை 1956இல் பாலிங்கும் கோரியும் காட்டினார்கள்.