கேரம் போர்டு வேண்டாம் என்றோம்

கல்லூரி விடுதியில் எனக்கு அறை ஒதுக்கிய எழுத்தர் பார்த்தது விண்ணப்ப எண்ணை மட்டும்தான். ஒற்றைப்படை என்றால் ஏ பிளாக், இரட்டைப்படை என்றால் பி பிளாக். எனக்கு ஏ கிடைத்தது. ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் என்னோடு பெட்டி தூக்கி வந்த பள்ளித் தோழனுக்கு பி. இது நடந்தது ஜூலையில். தீபாவளி லீவு வருவதற்குள் 'பி பிளாக் பசங்கன்னாலே இப்படித்தான்' என்று பேச ஆரம்பித்துவிட்டோம். அவர்கள் முதலில் மெஸ்ஸுக்குப் போனால் நமக்குப் பூரி மிஞ்சாது என்போம். அவர்களும் எங்களைப் பற்றி இதையேதான் சொன்னார்கள் என்று அந்தத் தோழன் பின்னாளில் சொன்னான்.

அந்த வருடம் பழைய மாணவர் ஒருவர் கேரம் போர்டு வாங்கப் பணம் கொடுத்தார். பி பிளாக்கில் அறைகள் அதிகம். அதனால் அவர்களுக்கு மூன்று, எங்களுக்கு இரண்டு என்று வார்டன் பிரித்தார். அதுவரை எங்களிடம் ஒரு போர்டுகூடக் கிடையாது. ஆனாலும் எங்கள் பிளாக் செயலாளர் எழுந்து, "சார், அவங்களுக்கு மூணுன்னா எங்களுக்கு ஒண்ணுமே வேணாம் சார்" என்றான். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அந்த இரண்டு போர்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வருடம் முழுக்க வார்டன் அறைச் சுவரில் சாய்ந்தே இருந்தன.

எங்களை அப்படிக் கை தட்ட வைத்தது எது என்பதை ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளரைப் படித்தபோதுதான் கொஞ்சம் புரிந்துகொண்டேன். அவர் 1919-இல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதி முகாம்களில் உயிர் தப்பியவர். திரும்பி வந்தபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சியிருக்கவில்லை. மனிதர்கள் 'நாம்', 'அவர்கள்' என்று பிரிவது எங்கிருந்து தொடங்குகிறது என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது, அந்தக் கேள்வியை அடிமட்டத்திலிருந்து தொடங்க நினைத்தார். பழைய பகை, பணப் போட்டி, முகப் பழக்கம் எதுவும் இல்லாத, பெயரளவில் மட்டும் இருக்கும் குழு ஒன்றை முதலில் உருவாக்குவது. அதில் பாரபட்சம் இருக்காது, பிறகு ஒவ்வொரு காரணமாகச் சேர்த்து எந்த இடத்தில் அது முளைக்கிறது என்று பார்க்கலாம் என்பது திட்டம். முடிவுகள் 1970, 1971-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அந்தப் பெயரளவுக் குழுவிலேயே பாரபட்சம் முளைத்திருந்தது.

சோதனைக்கு வந்தவர்கள் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்கள். ஒரு சோதனையில் பால் க்ளீ, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைத் திரையில் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பிறகு, 'நீ க்ளீ குழு', 'நீ கண்டின்ஸ்கி குழு' என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள். உண்மையில் ரசனையைப் பார்த்துப் பிரிக்கவே இல்லை. மனம்போன போக்கில் பிரித்திருந்தார்கள். தன் குழுவில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு பையனுக்கும் தெரியாது. அடுத்து ஒவ்வொருவனையும் தனி அறையில் உட்காரவைத்து இப்படி ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள்:

உன் குழுவில் ஒருவனுக்கு: 7 8 9 10 11 12 13 14 15 16 17 18 19
அடுத்த குழுவில் ஒருவனுக்கு: 1 3 5 7 9 11 13 15 17 19 21 23 25

மேலும் கீழுமாக உள்ள ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் பிறகு காசாக மாறும். பெறுகிறவர்களின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளவும் முடியாது.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தன் குழுக்காரனுக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்றால் வலது ஓரத்து 19-ஐத் தொட வேண்டும். இருவருக்கும் சேர்த்து மொத்தம் அதிகமாவதும் அங்கேதான். ஆனால் அங்கே மற்றவனுக்கு 25 போய்விடும். நடுவில் 13-க்கு 13, அதுதான் சமம். அதற்கு இடது பக்கம் நகர நகரத் தன் ஆளின் காசு குறைகிறது. அவன் மற்றவனை முந்தும் தூரம் மட்டும் கூடுகிறது. 7-க்கு 1 என்ற ஓரத்தில் அவனுக்குக் கிடைப்பது 19-இல் பாதிகூட இல்லை, ஆனால் ஆறு புள்ளி முன்னால் நிற்கிறான்.

பையன்கள் அந்த ஓரத்துக்கே ஓடிவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நியாயமாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் பலமாகவே இருந்தது. ஆனால் மொத்தத்தில் அவர்கள் கை சமத்திலிருந்து இடது பக்கம் சாய்ந்தது. இருவருமே தன் குழுக்காரர்கள் என்றபோது அதே பையன்கள் மொத்தத் தொகை அதிகமாகும்படி பிரித்தார்கள். எதிரில் 'அடுத்த குழு' என்ற பெயர் வந்ததும், நிறையப் பெறுவதைவிட முந்துவது பெரிதாகிவிட்டது. அந்தப் பெயரைத் தவிர மற்ற குழுவைப் பற்றி அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. 1973-இல் வெளியான சோதனையில் ஓவியச் சாக்குகூட இல்லை; பிரிவினை சும்மா தற்செயலானது என்று வெளிப்படையாகச் சொல்லியே பிரித்தார்கள். அப்போதும் சாய்வு இருந்தது.

'நான் யார்' என்பதன் ஒரு பகுதியை நாம் சேர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம், கூட்டம் ஒரு படி உயர்ந்தால் நாமும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது என்பது டாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் சொன்ன விளக்கம். ஜப்பானிய ஆய்வாளர் தோஷியோ யமகிஷி இதை முழுதாக ஏற்கவில்லை. நம் ஆட்கள் நமக்குக் கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான் நாமும் அவர்களுக்குக் கொடுக்கிறோம் என்றார் அவர். 'உனக்குக் கிடைக்கப்போகும் தொகை நிச்சயிக்கப்பட்டுவிட்டது, மற்றவர்கள் கையில் இல்லை' என்று சொல்லிச் சோதித்தபோது சாய்வு மறைந்தது. எங்கள் விடுதியை நினைத்தால் இரண்டுமே பொருந்துகிறது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வருபவன் பக்கத்து அறைக்காரன்தான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கேரம் போர்டைத் திருப்பிக் கொடுத்தது கஞ்சிக் கணக்கில் வராது.

அப்படியானால் பள்ளிகளில் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்தாலே பகை வந்துவிடுமா? இதற்கு நல்ல பதில் அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா பிக்லர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. கோடைப் பள்ளி ஒன்றில் சிறு பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என்று டீ-ஷர்ட் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நாள் முழுக்க அந்த நிறத்தை வைத்தே வேலை வாங்கினார்கள். எங்கே உட்கார்வது, எப்படி வரிசையில் நிற்பது எல்லாம் நிறப்படி. ஒரு நிறத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ யாரும் பேசவில்லை. இன்னொரு பக்கம் பிள்ளைகள் அதே சட்டைகளைப் போட்டிருந்தார்கள், ஆனால் ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரங்களில், நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புப் பிள்ளைகள் தங்கள் நிறத்தாரே மேல் என்று மதிப்பிட்டார்கள். கண்டுகொள்ளாத இடத்தில் அந்தச் சாய்வு வரவில்லை.

சட்டை ஒன்றுதான். பெரியவர்கள் அதைத் தினமும் தொட்டுக் காட்டினார்களா என்பதில்தான் வித்தியாசம். எங்கள் வார்டன் நல்ல மனிதர். ஆனால் மெஸ்ஸில் தனி வரிசை, தனி நோட்டீஸ் போர்டு, எந்த பிளாக் சுத்தம் என்று மாதாமாதம் மதிப்பெண் என எல்லாவற்றையும் பிளாக் வாரியாகவே நடத்தினார். நாங்கள் ஏ பிளாக்காரர்கள் என்பதை ஒரு நாளும் மறக்க விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் வகுப்பில் ஹவுஸ் பெயரையே எடுப்பதில்லை. இருக்கைகளை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார். சாப்பாட்டு வரிசை வருகைப் பதிவேட்டு எண்படி. விளையாட்டு விழா நடக்கும் வாரத்தில் மட்டும் ஹவுஸ் உயிர் பெறும், அப்போது நன்றாகவே கத்துவார்கள் என்றார். ஒரு நாள் அவர் வகுப்புக்குப் போயிருந்தபோது முதல் பெஞ்சுப் பையனிடம், "தம்பி, நீ எந்த ஹவுஸ்?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்து, சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்துவிட்டு, "கிரீன் சார்" என்றான்.