1,050 மெகாவாட்டில் உங்கள் பங்கு எவ்வளவு?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. மொத்தம் 1,050 மெகாவாட். அங்கே நிலக்கரி கொண்டுசெல்லும் பகுதியில் 6.6 கே.வி. மோட்டார்களைப் பராமரித்த ஒரு பொறியாளர் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமின் முதல் வரியில் "1,050 மெகாவாட் நிலையத்தைக் கையாண்டவர்" என்று எழுதத்தான் கை போகும். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அதில் உங்கள் பொறுப்பில் இருந்தது எது?" என்பதாகத்தான் இருக்கும். நிலையத்தின் அளவு ஒன்று, அவர் கைபட்ட கருவிகளின் அளவு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டால் 6.6 கே.வி. மோட்டார் அனுபவமே அவருக்குப் பெரிய பலம்.

துணை மின்நிலையத்தில் பணியாற்றியவர்கள் அலகிலும் கவனமாக இருக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மரின் திறனை எம்.வி.ஏ.யில் சொல்வதே முறை. சுருளைச் சூடாக்குவது அதில் ஓடும் மின்னோட்டம். அதில் எவ்வளவு பயனுள்ள வேலையாக மாறுகிறது என்பது சுருளுக்குத் தெரியாது. "32 மெகாவாட் துணை மின்நிலையம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர் புருவத்தை உயர்த்துவார். "110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு" என்றால் இடமே கண்முன் வந்துவிடும்.

அடுத்தது ஷட்டவுன். "பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை" என்று நாளிதழில் வருகிறதே, அந்தச் சில மணி நேரம்தான். "ஷட்டவுன் பணிகளில் ஈடுபட்டேன்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. எந்தக் கருவி, என்ன சோதனை, என்ன கண்டீர்கள் என்பது வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

மேலே சொன்ன 16 எம்.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர். முழுச் சுமையில் 110 கே.வி. பக்கம் சுமார் 84 ஆம்பியர், 11 கே.வி. பக்கம் சுமார் 840 ஆம்பியர் ஓடும். சி.டி.க்கள் 100/1, 1000/1 என்றால் இரு பக்கமும் ரிலேவுக்குப் போவது 0.84 ஆம்பியர். டிஃபரன்ஷியல் ரிலே இந்த இரண்டையும் ஒப்பிடுகிறது. உள்ளே போனது வெளியே வந்தால் வித்தியாசம் பூச்சியம். வராவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் பழுது என்று பிரேக்கரைத் திறந்துவிடும்.

பராமரிப்பின்போது 11 கே.வி. பக்க சி.டி. வயர்களைக் கழற்றி மாட்டுகையில் முனைகள் இடம்மாறிவிட்டன. இப்போது ரிலே கழிக்க வேண்டியதைக் கூட்டுகிறது. சார்ஜ் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. பத்து சதவீதச் சுமையிலும் 0.17 ஆம்பியர்தான், ரிலே 0.2 ஆம்பியரில் அமைக்கப்பட்டிருப்பதால் சும்மா இருந்தது. ஃபீடர்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் கால்பங்குச் சுமை வந்தபோது வித்தியாசம் 0.42 ஆகியிருக்கும், அதற்கு முன்பே ட்ரிப். ஊரே மீண்டும் இருட்டு. ட்ரான்ஸ்ஃபார்மரில் பழுதே இல்லை. குறைந்த சுமையிலேயே ரிலேவின் திரையில் வித்தியாச மின்னோட்டத்தைப் படித்திருந்தால், அது பூச்சியத்தை ஒட்டி இல்லாமல் ஒரு பக்க மின்னோட்டத்தைப் போல இரு மடங்கு இருப்பது தெரிந்திருக்கும்.

இதைச் செய்து பழகியவர் ரெஸ்யூமில் எழுத வேண்டிய வரி இது: "16 எம்.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர் ஷட்டவுனுக்குப் பின் டிஃபரன்ஷியல் ரிலேவைக் குறைந்த சுமையில் சரிபார்த்து, சி.டி. முனை மாற்றத்தைக் கண்டறிந்து திருத்தினேன்." "பாதுகாப்பு ரிலேக்கள் பற்றிய நல்ல அறிவு" என்பதை இந்த வரியின் பக்கத்தில் வைத்தால் எடுபடுமா?

பெர்மிட் விஷயத்தில் ஒரே ஒரு வேறுபாடுதான் முக்கியம்: நீங்கள் கொடுத்தவரா, வாங்கியவரா? நம் ஊரில் எல்.சி. என்று சொல்கிறோம். கொடுப்பவர் பிரேக்கரைத் திறந்து, இருபுறமும் ஐசொலேட்டரைத் திறந்து பூட்டி, மூன்று பிளேடுகளும் விலகிவிட்டனவா என்று கண்ணால் பார்த்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகே கையெழுத்திடுகிறார். வாங்கியவர் ஆட்கள், கருவிகள், தான் போட்ட எர்த் அனைத்தும் வெளியே வந்துவிட்டதைப் பார்த்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கிறார். 11 கே.வி. பக்கத்திலிருந்து பின்வழியாக மின்சாரம் ஏறிவிடும் அபாயத்தை எப்படி அடைத்தீர்கள் என்று கேட்டால், கொடுத்துப் பழகியவர் யோசிக்காமல் சொல்வார். அதனால் "பெர்மிட் முறையில் அனுபவம்" என்று பொதுவாக எழுதாமல், எந்த மின்னழுத்த அளவு வரை எல்.சி. கொடுக்க அதிகாரம் பெற்றிருந்தீர்கள் என்று எழுதுங்கள்.

ரிலே சோதனையைச் சீனியர் செய்ய, பக்கத்தில் நின்று அளவுகளைக் குறித்தவர் "சோதனையில் உதவினேன்" என்றே எழுதலாம். ஆரம்ப நிலை வேலைக்கு அது குறைவல்ல. ஆனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் உரிய ஒற்றைக்கோட்டுப் படத்தை வெள்ளைத்தாளில் வரைந்து பாருங்கள். வரைய முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.