ஹார்ட் டிஸ்க்: பீப் அடிக்கிறதா, டிக் டிக் என்கிறதா?

ஓடிக்கொண்டிருக்கும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் வயரில் யாருடைய காலோ தடுக்கி, டிஸ்க் மேசையிலிருந்து விழுகிறது. எடுத்து மறுபடி சொருகினால் ‘பீப்… பீப்…’ என்று சன்னமாக ஒரு சத்தம். எச்சரிக்கை ஒலி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. சுற்ற முடியாமல் மோட்டார் திணறும் சத்தம்தான் அது.

உள்ளே இருக்கும் தட்டுகள் இவ்வகை டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அவற்றின் மேல் ‘ஹெட்’ எனப்படும் நுண்ணிய முனை, தட்டைத் தொடாமல், மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்தபடி படிக்கும். வேலை முடிந்ததும் தட்டை விட்டு விலகி, ஓரத்துச் சரிவில் ஏறிக்கொள்ளும். விழுந்த அதிர்ச்சியில் அங்கே போய்ச் சேராமல் தட்டின் மேலேயே நின்றுவிட்டால், நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் போல ஹெட்டும் தட்டும் ஒட்டிக்கொள்கின்றன. மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. தட்டு அசைய மறுக்கிறது. அந்த அதிர்வே பீப். மோட்டாரின் பேரிங் இறுகிப்போனாலும் இதே சத்தம் வரும்.

இங்கே ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்து போதிய மின்சாரம் வராவிட்டாலும் டிஸ்க் இப்படித்தான் முனகும். அதனால் கீழே விழாத டிஸ்க் என்றால் முதலில் வேறு கேபிள் போட்டு, ஹப் வழியாக இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகச் சொருகிப் பாருங்கள். விழுந்த டிஸ்க்கில் இந்தச் சோதனையும் வேண்டாம்.

‘டிக்… டிக்…’ கதை வேறு. கையில் பிடித்தால் தட்டு சுற்றும் அதிர்வு தெரியும். பிறகு சீரான இடைவெளியில் டிக் டிக் என்று அடித்துவிட்டு, சில சமயம் தானே நின்றுவிடும். அப்படியென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. தட்டில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதற்கான குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை. கை முழுவதும் ஒரு கோடிக்குப் போய் மோதி, திரும்பி வந்து, மறுபடி தேடுகிறது. பெரும்பாலும் பழுது ஹெட்டில்தான். ஆனால் தட்டில் கீறல் விழுந்திருந்தாலும் அபூர்வமாகச் சர்க்யூட் போர்டு கெட்டாலும் இதே சத்தம் கேட்கும். அணைக்கும்போது வரும் ஒற்றை ‘டிக்’ மட்டும் ஹெட் ஓரமாக ஒதுங்கும் சத்தம். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் அந்த நொடியே வயரைப் பிடுங்குங்கள். ஹெட் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டுகிறது; சுரண்டிய இடத்தில் இருந்த படங்களை யாராலும் மீட்க முடியாது.

தூசியில்லாத அறையில் டெக்னீஷியன் ஒட்டிய ஹெட்டைப் பிரித்து மீண்டும் சரிவில் ஏற்றுவார். கெட்ட ஹெட்டாக இருந்தால் அதே மாடல் டிஸ்க்கிலிருந்து எடுத்து மாற்றுவார். வீட்டில் மூடியைத் திறப்பதும், ஃப்ரீசரில் வைப்பதும், உள்ளங்கையில் தட்டுவதும் அவருக்கு மிஞ்சியிருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் ஒரு சிப்பிலேயே பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் டிஸ்க் வேலை செய்யாது.