எந்தச் சமன்பாட்டில் தொடங்குவது?

பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இயக்கச் சமன்பாடுகள் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும். v = u + at, s = ut + ½at², v² = u² + 2as என்று கேட்டவுடன் ஒப்பிப்பார். வினாத்தாளைப் பிரித்ததும், இவற்றில் எதை முதலில் எழுதுவது என்பதில்தான் கை நின்றுவிடுகிறது.

இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. சீரான முடுக்கத்தில் வரும் கணியங்கள் ஐந்தே: தொடக்கத் திசைவேகம் u, இறுதித் திசைவேகம் v, முடுக்கம் a, காலம் t, இடப்பெயர்ச்சி s. ஒவ்வொரு சமன்பாட்டிலும் நான்குதான் இருக்கும். ஆகவே கொடுத்தது எது, கேட்டது எது என்று குறித்துக்கொண்டபின், கணக்கில் பேச்சே எழாத கணியம் எது என்று தேட வேண்டும். காலத்தைப் பற்றிப் பேச்சில்லையா? v² = u² + 2as. இடப்பெயர்ச்சி வரவில்லையா? v = u + at. இறுதித் திசைவேகம் வேண்டாமென்றால் s = ut + ½at². முடுக்கமே வராவிட்டால் s = ½(u + v)t. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கலிலியோவுக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டுசொன்ன உறவு அது.

ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது, பிரேக் போட்டதும் 5 மீ/வி² என்ற அளவில் வேகம் குறைகிறது. எவ்வளவு தூரம் போய் நிற்கும்? முதலில் 72-ஐ 3.6-ஆல் வகுத்து 20 மீ/வி என்று மாற்ற வேண்டும். காலத்தைப் பற்றிப் பேச்சில்லை; நிற்கும்போது v = 0. எனவே 0 = 400 − 10s; விடை 40 மீட்டர். வேகம் பாதியாக, 36 கி.மீ.யாக இருந்திருந்தால் 10 மீட்டரிலேயே நின்றிருக்கும்.

அதே பேருந்து பிரேக் போட்ட 6 வினாடிகளில் எவ்வளவு தூரம் போகும் என்று கேள்வியைச் சற்றே திருப்பினால், பலர் சறுக்குவதைப் பார்க்கலாம். s = ut + ½at²-இல் எண்களைப் போட்டால் 120 − 90 = 30 மீட்டர் வருகிறது. நிற்பதற்கே 40 மீட்டர் தேவைப்பட்ட வண்டி எப்படி 30-இல் முடியும்? பேருந்து நாலாவது வினாடியிலேயே நின்றுவிட்டது. சமன்பாட்டுக்கு அது தெரியாது. மீதி 2 வினாடிகளும் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி 10 மீட்டரைக் கழித்துவிடுகிறது. பிரேக் கணக்கில் காலம் கொடுத்திருந்தால் முதலில் v = u + at போட்டு, அந்த நேரத்துத் திசைவேகத்தைப் பார்த்துவிட வேண்டும். இங்கே −10 மீ/வி வருவதே எச்சரிக்கை. சரியான விடை 40 மீட்டர்.

எதிர்க்குறி எல்லா இடத்திலும் ஆபத்து அல்ல. 15 மீட்டர் உயர மாடியிலிருந்து 10 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்த பந்து எப்போது தரையைத் தொடும் என்ற கணக்கை, ஏறுவது தனி, இறங்குவது தனி என்று பிரித்து மெனக்கெடத் தேவையில்லை. மேல்நோக்கை நேர்க்குறியாகக் கொண்டு, g-ஐ 10 என வைத்தால் s = −15, a = −10. −15 = 10t − 5t² என்பதிலிருந்து t = 3 வினாடி, அல்லது −1. பந்தை எறிவதற்கு முந்தைய நேரத்துக்கு இங்கே பொருளில்லை என்பதால் −1-ஐ விட்டுவிடலாம்.

நிறை, உராய்வு, கயிற்றின் இழுவிசை போன்ற சொற்கள் வந்தால் தொடக்கமே வேறு. முதலில் பொருளைத் தனியே வரைந்து அதன்மேல் செயல்படும் விசைகளைக் குறித்து, F = ma எழுத வேண்டும். அதில் கிடைக்கும் a-தான் மேலே கண்ட சமன்பாடுகளுக்குப் போகும் பாலம். பேருந்தின் வேகக் குறைப்பைச் சொல்லாமல், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்குகின்றன, உராய்வுக் குணகம் 0.5 என்று மட்டும் கொடுத்திருக்கலாம். சமதளச் சாலையில் உராய்வு விசை 0.5 × mg. அதை ma-வுடன் சமப்படுத்தினால் m இருபுறமும் அடிபட்டு, அதே 5 மீ/வி² வந்துவிடுகிறது. நிறை கொடுக்கவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை.

லிஃப்ட் கணக்கில் பார்க்க வேண்டியது முடுக்கத்தின் திசையை. லிஃப்ட் போகும் திசையை அல்ல. கீழே இறங்கும் லிஃப்ட் 2 மீ/வி² அளவில் வேகம் குறைந்தால் முடுக்கம் மேல்நோக்கியது. உள்ளே நிற்கும் 60 கிலோ மனிதருக்கு N − 600 = 60 × 2; தளம் அவரைத் தாங்கும் விசை 720 நியூட்டன். இறங்குகிறதே என்று 480 எழுதுபவர்கள் அதிகம்.

துப்பாக்கி சுடுவது, மோதல், வெடித்துச் சிதறல் போன்றவற்றில் இடையே செயல்படும் விசை எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது தெரியாது. அங்கே உந்தம் மாறா விதியில் தொடங்கலாம். 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் பாய்ந்தால், 4 கிலோ துப்பாக்கி 1 மீ/வி வேகத்தில் பின்னுக்கு வரும்.

சுருள்வில் வந்தால் கதை மாறிவிடும். நீட்சி கூடக் கூட விசையும் கூடுவதால் முடுக்கம் நிலையாக இருக்காது. ஐந்து கணியச் சமன்பாடுகளில் எதுவும் அங்கே செல்லாது. நீட்சியையும் வேகத்தையும் இணைக்க, ½kx² என்ற ஆற்றலில் தொடங்க வேண்டும்.